அந்தப் புழுக்கள் அவர் வீட்டினுடையவை அல்ல

மலேசியாவின் கிள்ளானில் நாங்கள் குடியிருந்த அடுக்குமாடியில் டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு பெருகாமல் தடுப்பது பற்றிச் சுகாதாரத் துறையினர் ஒரு காணொளி எடுத்தார்கள். தமிழ் வசனம் எழுதும் வேலை என்னிடம் வந்தது. மூன்று வீட்டுக் காட்சிகள்: பூந்தொட்டித் தட்டு, பிரிட்ஜுக்குப் பின்னால் நீர் சேரும் தட்டு, குளியலறை வாளி. ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரே நினைவூட்டல்: "வாரம் ஒரு நாள் தண்ணிய கொட்டுங்க. கொட்டினா மட்டும் போதாது, தேய்ச்சுக் கழுவுங்க. முட்டை ஓரத்துல ஒட்டிக்கிட்டு இருக்கும்."

படம்பிடிக்க மூன்றாம் மாடி அக்கா தன் வீட்டைத் தந்தார். தனியாக வாழ்ந்தவர். தேடிப் பார்த்தும் அந்த வீட்டில் ஒரு சொட்டு தேங்கிய நீர் இல்லை. சுகாதார அதிகாரி ஒரு போத்தலில் கொசுப் புழுக்களைக் கொண்டுவந்து பூந்தொட்டித் தட்டில் ஊற்றினார்.

"என் வீட்டுல புழுவா! சரி லா, நல்ல காரியத்துக்குத்தானே," என்று அக்கா சிரித்தார்.

நான் எழுதிக்கொடுத்ததை அப்படியே பேசினார்: "ஐயோ, ரெண்டு வாரமா இதைப் பாக்கவே இல்லையே!" அதிகாரி புழுக்களை மறுபடியும் போத்தலில் எடுத்துக்கொண்டு போனார்.

காணொளி எங்கள் எல்லாருடைய கைப்பேசிக்கும் வந்தது. சில வாரங்களில் இரண்டாம் மாடியில் ஏழு வயதுப் பெண்குழந்தை டெங்கியில் இறந்துபோனது.

காரியம் முடிந்த மறுநாள் அதன் அம்மா மேலே ஏறிவந்தாள். கையில் கைப்பேசி, அதில் அக்காவின் குரல். அக்கா வாசலில் இருந்த பூந்தொட்டிகளை ஒவ்வொன்றாக எட்டி உதைத்தாள்.

"ரெண்டு வாரமா பாக்கலன்னு நீயே சொல்றியே! என் புள்ளைய கொன்னுட்டியே!"

சுற்றி நின்ற யாரும் அவளைத் தடுக்கவில்லை. அக்கா என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, நீ சொல்லு. நீதானே எழுதுன?"

என் அருகில் நின்ற குடியிருப்புச் சங்கத் தலைவர் காதோரம் முணுமுணுத்தார்: "இப்ப அது நடிப்புன்னு சொன்னா வீடியோவே பொய்யின்னுடுவாங்க. அப்புறம் ஒருத்தனும் தண்ணி கொட்ட மாட்டான்."

நான் வாயைத் திறக்கவில்லை. அவர் சொன்னதற்காக அல்ல. அந்தக் கூட்டத்தின் கண்கள் என் மேல் திரும்பிவிடும் என்ற பயம்.

இரண்டு நாள் கழித்துச் சுகாதாரத் துறையிலிருந்து சோதனைக்கு வந்தவர்கள் அக்கா வீட்டில் எதையும் காணவில்லை. கூரையில் இலை அடைத்துக்கொண்ட மழைநீர்ப் பீலியில்தான் புழு மொய்த்தது. அதைத் துப்புரவாக வைத்திருக்க வேண்டியது எங்கள் சங்கம். நான் குழந்தையின் அம்மாவிடம் ஓடிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன், போத்தல் உட்பட.

அவள், "கூரையப் பாத்து நான் எப்படித் திட்டி அழுவுறது?" என்று கேட்டுக் கதவைச் சாத்தினாள். அதன் பிறகும் படிக்கட்டில் அக்காவைக் கண்டால் காறித் துப்பினாள். மற்றவர்களும் அவரிடம் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

அக்கா வேறு ஊருக்கு, ஸ்ரீ கெம்பாங்கானுக்குக் குடிபெயர்ந்தார். லோரியில் சாமான் ஏற்ற உதவப் போனேன். என் கையிலிருந்த பெட்டியை மெதுவாக வாங்கிக்கொண்டார்.

"நல்லாத்தான் எழுதியிருந்த, தங்கச்சி. எல்லாரும் நம்பிட்டாங்க."