செப்டம்பர் மாதத்துப் பள்ளம்

பெங்களூருவில் ஒரு பிஸ்கட், ரஸ்க் கம்பெனியில் விற்பனையைக் கணித்துச் சொல்வது என் வேலை. அடுத்த மாதம் எந்த ஊருக்கு எத்தனை பெட்டி தேவைப்படும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். என் பொறுப்பில் இருந்தது எங்கள் ஊர் கே.ஜி.எஃப்., அதாவது கோலார் தங்கவயல். சொந்த ஊர்தானே, கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன் என்று எனக்குக் கொஞ்சம் திமிர்.

ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலையை நிரந்தரமாக்குவார்கள். சராசரிப் பிழை பதினைந்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். என்னுடையதோ முப்பதில் வந்து நின்றது.

"திங்கக்கிழமை வாங்க, பேசலாம்" என்றார் மேனேஜர். அந்தக் குரலே முடிவைச் சொல்லிவிட்டது. வீட்டில் அப்பாவின் பென்ஷனை விட்டால் என் சம்பளம்தான்.

ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தேன். கணித்ததை நீலக் கோடாகவும் விற்றதை ஆரஞ்சுக் கோடாகவும் வரைந்து, ஒவ்வொரு மாதத்தின் மேலும் பிழைச் சதவீதத்தை எழுதினேன். ஐந்து மாதம் இரண்டு கோடும் ஒட்டிக்கொண்டே போயின. எந்தப் பிழையும் பத்தைத் தாண்டவில்லை. செப்டம்பரில் மட்டும் ஆரஞ்சுக் கோடு தொப்பென்று விழுந்திருந்தது. நான் சொன்னது முன்னூறு பெட்டி, விற்றது நூற்றிருபது. வித்தியாசம் நூற்றெண்பது. அதை விற்றதால் வகுத்தால் நூற்றைம்பது சதவீதம்! அந்த ஒரு மாதம்தான் மொத்தச் சராசரியையும் மேலே இழுத்துவிட்டிருந்தது.

மாதா திருவிழா வரும் மாதம் அது. எங்கள் ஊர் ஆண்டர்சன்பேட்டைக் கடைகளில் நிற்க இடம் இருக்காதே, எப்படி விழும்? எனக்கு எரிச்சலாக வந்தது.

அம்மா டீயையும் ரஸ்க்கையும் கொண்டுவந்து வைத்தார். ரஸ்க் பாக்கெட் வேறு கம்பெனியுடையது.

"இன்னாம்மா இது? நம்ம கம்பெனி ரஸ்க் வாங்கலியா?"

"கெடைச்சாத்தானே வாங்க? போன மாசம் பூரா எந்தக் கடையிலயும் இல்லன்னு சொன்னேனே. நீ சாப்பிட்டுக்கினே தூங்கிட்டே. அதுலேர்ந்து இதுவே பழகிப்போச்சு."

எனக்குச் சுருக்கென்றது. விடியும் முன்னே ரயில் ஏறி, கடை சாத்தும் நேரத்துக்குத் திரும்புகிறவள் நான். எங்கள் ஊர்க் கடையில் என்ன இருக்கிறது என்பதைப் பெங்களூருவில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

எங்கள் ஊருக்குச் சரக்கு வேன் ஓட்டுகிறவர் இங்கேயே ஸ்கெலட்டன் என்கிற பகுதியில் இருக்கிறார். நேராக அவர் வீட்டுக்குப் போனேன்.

"அண்ணா, செப்டம்பர்ல வேன் வரலியா?"

"கியர் பாக்ஸ் போயிடுச்சும்மா. மூணு வாரம் கிட்ட ஒர்க்‌ஷாப்ல கெடந்துச்சு. வேற வண்டி அனுப்புங்கன்னு டெஸ்பாட்ச் சாரை கேட்டுக்கினே இருந்தேன். கடைக்காரங்க என்னைத்தான் திட்னாங்க."

"இதை மேனேஜர்கிட்ட சொல்வீங்களா?"

 சரக்கு அனுப்புவதைப் பார்க்கிற டெஸ்பாட்ச் சார் கோபித்துக்கொண்டால் அண்ணனுக்கு ட்ரிப்பே போய்விடும். அவர் வீட்டுக்குள்ளே திரும்பிப் பார்த்தார். அவர் மனைவி, "உண்மைதானே, சொல்லுங்க" என்றார்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் பக்கத்து சீட்டுத் தோழி, "செப்டம்பரைத் தூக்கிடு, சராசரி ஆறுதான் வரும்" என்றாள். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் நான் எடுக்கவில்லை. அந்தப் பள்ளத்துக்குப் பக்கத்தில் 'மூன்று வாரம் வேன் வரவில்லை' என்று எழுதி, அந்த மாதத்தைச் சேர்த்த சராசரி, சேர்க்காத சராசரி இரண்டையும் கீழே போட்டேன்.

மேனேஜர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "யார் சொன்னாங்க வேன் வரலைன்னு?"

வேன்கார அண்ணனைக் கூப்பிட்டு போனை ஸ்பீக்கரில் போட்டேன். அந்தப் பக்கம் வண்டிச் சத்தம். "ஆமா சார், நான்தான் ஓட்றவன். சரக்கு இல்லாம போச்சு சார், கேக்க ஆளு இல்லாம போகல. வேணும்னா என் பேரை எழுதிக்கோங்க."



மேனேஜர் பேனாவை எடுத்தார். "நூற்றைம்பது நூற்றைம்பதாகவே இருக்கட்டும். ஆனா இது உங்க கணிப்போட பிழை இல்லை, நாம சரக்கு அனுப்பாத பிழை" என்று சொல்லி என் வேலையை நிரந்தரமாக்கும் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். இனி வேன் நின்றால் மாற்று வண்டி அனுப்பச் சொல்லி டெஸ்பாட்ச் பிரிவை அவரே கூப்பிட்டார். வேன்கார அண்ணனின் ட்ரிப்புக்கு எந்தக் குறையும் வரவில்லை. அதற்கும் சேர்த்துத்தான் நான் அந்த மேனேஜரை இன்றுவரை நன்றியோடு நினைக்கிறேன்.

அன்று ரயிலிறங்கி ஸ்வீட் பாக்ஸோடு ஸ்கெலட்டனுக்குப் போனேன். அண்ணன் சிரித்தார். "ஸ்வீட்டெல்லாம் இருக்கட்டும்மா. அடுத்த மாசம் எவ்ளோ பெட்டி போட்டுக்கீறே, அதச் சொல்லு."

"இன்னும் போடலண்ணா. உங்களைக் கேக்கத்தான் வந்தேன்" என்றேன்.