சேற்று நிறத்தில் கலந்த குழாய்கள்

குடிநீர்ப் பரிசோதனை அலுவலகத்தில் பதினேழு வருடங்களாக வரைபடமும் சுவரொட்டியும் செய்துவந்தவரை எல்லோரும் போஸ்டர் அக்கா என்பார்கள். வாய் கொஞ்சம் நீளம், வேலையில் படுசுத்தம்.

அந்த வருடம் நகரத்துக் குழாய்களைக் காட்டும் பெரிய வரைபடம் கேட்டார்கள். தண்ணீரைக் குடிக்கலாம் என்றால் பச்சைப் புள்ளி, கூடாது என்றால் சிவப்பு. இரண்டும் அதிகாரி தேர்ந்தெடுத்த நிறங்கள். நிறக்குறைபாடு உள்ளவர்களுக்குப் படம் எப்படித் தெரியும் என்று காட்டும் மென்பொருளில் அக்கா அதைப் போட்டுப் பார்த்தார். சிவப்பு-பச்சைக் குறைபாட்டைத் தேர்ந்தெடுத்ததும் எல்லாப் புள்ளிகளும் ஒரே சேற்றுப் பழுப்பாகிவிட்டன. நல்ல தண்ணீரும் கெட்ட தண்ணீரும் ஒன்று.

குடிக்கலாம் என்பதற்கு அடர்நீலம், கூடாது என்பதற்கு வெளிர் ஆரஞ்சு என்று மாற்றினார். நிறத்தை மட்டும் நம்பக்கூடாதென்று, கெட்ட குழாய்க்குப் புள்ளிக்குப் பதில் பெருக்கல் குறி போட்டார். மென்பொருளில் இருந்த மூன்று வகைக் குறைபாட்டிலும் பார்த்தார், தெளிவாக இருந்தது. ஆனாலும் அது கணக்குப்போட்டுக் காட்டும் படம்தானே. பரிசோதனைக்காகக் குழாய்களில் தண்ணீர் மாதிரி எடுக்கப் போகும் ஊழியருக்குப் பிறவியிலேயே அந்தக் குறைபாடு. முன்பொருமுறை அக்காவிடம் மட்டும் சொல்லியிருந்தார். அக்கா கேட்டதும், படத்தை முடிவுசெய்யும் கூட்டத்துக்கே வந்து சொல்வதாக ஒப்புக்கொண்டார்.

கூட்டத்தில் அவர் பழைய படத்தைப் பார்த்து, எது எதென்று தெரியவில்லை என்றார். அதிகாரி சிரித்தார். மேசையிலிருந்த பேனாவைத் தூக்கி, இது என்ன கலர் என்று கேட்டார். பிறகு கோப்பு, பிறகு தன் சட்டை. சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். ஊழியர் தலையைக் குனிந்துகொண்டார்.

"பேனாவக் கீழ வைங்க சார். பார்க்கவே அருவருப்பா இருக்கு," என்றார் அக்கா.

"நூத்துல நாலஞ்சு பேருக்காக ஊருக்கே கலர மாத்தணுமாம்மா?"

"அந்த நாலஞ்சு பேரும் தண்ணி குடிக்கறவங்கதான் சார்."

சிவப்பும் பச்சையுமே அச்சாகின. 'நிறப்பார்வைச் சோதனை முடிந்தது' என்று படிவத்தில் டிக் அடித்து, சோதித்தவராக அக்காவைக் காட்டியிருந்தார் அதிகாரி. அதைப் பார்த்த அன்று அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. அது தான் செய்ததல்ல என்று எழுதி, பழைய படத்தின் சோதனை முடிவையும் இணைத்துக் கொடுத்தார். கடிதம் எங்கோ தூசி தின்றது.

கடைசியில் காரியம் நடந்தது வேறு வழியில். கிளை அலுவலகங்கள் வரைபடத்தைக் கருப்பு வெள்ளையில் நகலெடுத்து ஒட்டின. ஏறக்குறைய ஒரே அடர்த்தி கொண்ட இரண்டு நிறமும் ஒரே சாம்பலாயின. ஒரு தெருவில் மூன்று நாள் கெட்ட குழாயில் பிடித்துக் குடித்துப் பல வீடுகளில் வாந்தி. இப்போது, குறை பார்க்கிறவர்களின் கண்ணில்தான் என்று அதிகாரியால் சொல்ல முடியவில்லை. அக்காவின் படமே அவசரமாக அச்சேறியது.

அறிக்கையில் அதை 'அதிகாரியின் முன்யோசனை' என்று எழுதியிருந்தார்கள். அதிகாரிக்கு நடந்த பாராட்டுக் கூட்டத்துக்கு அக்கா போகவில்லை. மாதிரி எடுப்பவரைத் தேடிப்போய்ப் புதுப் படத்தைக் காட்டினார். அவர் ஒவ்வொரு குழாயாக விரல்வைத்துச் சரியாகச் சொன்னார்.

"உங்கள அங்க கூப்பிட்டு நிக்க வெச்சது என் தப்பு, தம்பி."

"விடுங்கக்கா. சிரிச்சவங்கதான் வெக்கப்படணும்."

யாரும் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. அக்கா அதற்குப் பிறகும் அங்கேதான் வேலை பார்த்தார். அதிகாரி இருக்கும் மேசையில் மட்டும் உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை.