தண்டவாளம் இல்லாத கொக்குவில்

உதயகலா அக்கா கட்டிய கொக்குவிலில் வீடுகள் இருந்தன, மதில்கள் இருந்தன, மூன்று எட்டு வைத்ததும் வளைகிற ஒடுங்கிய ஒழுங்கைகள் இருந்தன. பக்கத்து வீட்டு வளவுக்குப் போய்வர வேலியில் வைக்கிற இடைவெளிகளான பொட்டுகளைக்கூட அவர் மறக்கவில்லை. இருபது பேர் இரண்டு அணியாகச் சுட்டு விளையாடும் கணினி விளையாட்டுக்கான களம் அது. நாங்கள் அதை மெப் என்போம்.

உண்மையான கொக்குவிலில் ஒரு கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு மெப்கள் செய்துகொடுக்கிறோம். நான் விளையாடிப் பார்த்துப் பிழை சொல்கிறவள். அக்கா களம் அமைப்பவர். ஆறு மாதத் தவணை வேலையில் இருந்தார். இந்த மெப் ஏற்கப்பட்டால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் கொழும்புக்குத்தான் போகவேண்டும், அம்மாவைத் தனியே விட்டுவிட்டு. தகப்பன் இல்லை, கூடப்பிறந்தவர்களும் இல்லை.

முதல் சோதனை ஆட்டங்கள் முடிந்ததும் மறுமொழி வந்தது. எல்லோரும் ஷொட்கன் அல்லது சப்மெஷின் கன்தான் எடுக்கிறார்கள். றைபிளை ஒருவரும் தொடுவதில்லை. வெள்ளிக்கிழமைக்குள் திருத்தாவிட்டால் மெப்பைக் கைவிடுவோம் என்று எழுதியிருந்தார்கள்.

“ஷொட்கனின்ரை டமேஜைக் குறைச்சு விடுவம். சுகமான வேலை,” என்றார் எங்கள் பொறுப்பாளர் சுபாஸ் அண்ணை.

எனக்கும் அது சரியாகவே பட்டது. எங்கள் சோதனைப் பதிப்பில் ஷொட்கனின் சேதத்தைச் சற்றுக் குறைத்தோம். கிட்ட நின்று ஒரே வெடியில் ஆளை விழுத்த இனி அதனால் முடியாது. பின்னேரம் முழுக்க விளையாடினோம். ஷொட்கன் குறைந்தது. அதன் இடத்தைச் சப்மெஷின் கன் பிடித்துக்கொண்டது. றைபிள் கிடந்த இடத்திலேயே கிடந்தது.

“பாத்தியளோ அண்ணை,” என்றார் அக்கா. “ஒரு கள்ளனைப் பிடிச்சுக் குடுத்தால் மற்றக் கள்ளன் கடையைத் திறக்கிறான்.”

“அப்ப உவனையும் குறை.”

“குறைச்சால் மற்ற மெப்புகளிலை ரெண்டையும் ஒருத்தரும் தொடாயினம். பிழை துவக்கிலை இல்லை. என்ரை மெப்பிலை.”

தன் வேலை தொங்கிக்கொண்டிருக்கும்போது ஒருவர் இப்படிச் சொல்வதை நான் அதற்குமுன் கேட்டதில்லை. நானாக இருந்தால் சொல்லியிருப்பேனா என்று இன்றும் தெரியவில்லை.

அவர் எனக்கு விளக்கினார். ஒவ்வொரு துவக்குக்கும் ஒரு தூரம் இருக்கிறது. அந்தத் தூரம்வரை முழுச் சேதம். அதைத் தாண்டினால் குண்டின் சேதம் இறங்கிக்கொண்டே போகும். ஷொட்கனுக்கு ஏழெட்டு மீற்றரில் இறங்கத் தொடங்கும், சன்னங்களும் சிதறிப்போகும். சப்மெஷின் கன்னுக்குப் பன்னிரண்டில். றைபிளுக்கு நாற்பதில். கிட்ட நின்றால் ஷொட்கன் ஒரே வெடியில் முடிக்கும். சப்மெஷின் கன்னுக்கு ஐந்து குண்டு வேண்டும், ஆனால் வேகமாகச் சுடும். றைபிளுக்கு நாலு குண்டு போதும், ஆனால் மெதுவாகச் சுடுவதால் மற்றதைவிடக் கொஞ்சம் பிந்திவிடும். தூரத்தில் இந்தக் கணக்கு தலைகீழாகும். சப்மெஷின் கன்னுக்கு எட்டுக் குண்டு தேவைப்படும், றைபிளுக்கு அதே நாலு.

“தூரத்திலை பலவீனம் எண்ட விலையைக் குடுத்துத்தான் கிட்டத்திலை பலம் வாங்கியிருக்கு உந்த ரெண்டும். என்ரை மெப்பிலை தூரமே இல்லை. பிறகு ஆர் அந்த விலையைக் குடுக்கிறது?”

ஆட்டங்களின் பதிவை எடுத்துப் பார்த்தோம். சாவுகளில் பெரும்பகுதி பத்து மீற்றருக்குள் நடந்திருந்தது. எங்கு நின்றாலும் அடுத்த வளைவோ மதிலோ அதற்குள் வந்துவிடும். மதில் மறைத்த இடத்தில் பொட்டு வழியாக முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கலாம்.

மறுநாள் அக்கா வீட்டிலிருந்து வேலை செய்தார். நானும் மடிக்கணினியோடு போனேன். தாய் தவமலர் அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தார். வீட்டில் அக்கா வெடிச்சத்தத்தை வெளியே விடுவதில்லை, எப்போதும் காதில் ஹெட்செற்தான். அதனால் தாய் பார்த்ததெல்லாம் சத்தமில்லாத படம்.

நீண்ட பார்வைக் கோடு ஒன்று வேண்டும். அக்கா நடுவிலிருந்த நாலு வளவுகளைத் தெரிவுசெய்து அழித்தார். வீடு, கிணறு, மதில், முருங்கை எல்லாம் போய் வெறும் நிலம் வந்தது. இந்தக் கரையில் நின்றால் அந்தக் கரை தெரிந்தது. நான் றைபிளோடு போய் நின்று பார்த்தேன்.

“இப்ப வேலை செய்யுது அக்கா.”

தவமலர் அம்மா எழுந்து வந்து கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரையைப் பார்த்தார்.

“இதிலை இருந்த வீடுகள் எங்கை?”

“தூரம் தெரியவேணும் எண்டு எடுத்திட்டன் அம்மா. கிட்ட வரமுதலே ஆளைக் காணவேணும்.”

“ஓம்,” என்றார். “எங்கடை ஊரிலையும் அதுக்குத்தான் எடுத்தவை.”

வெறும் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனார். அவருடைய ஊர் வடக்கே, கடற்கரைப் பக்கம். தொண்ணூறில் போரால் வெளிக்கிட்டவர்கள். கால் நூற்றாண்டு கழித்து இராணுவம் காணியைத் திறந்துவிட்டபோது போய்ப் பார்த்திருக்கிறார். எது தன் வளவு என்று கிணற்றை வைத்துத்தான் கண்டுபிடித்தாராம்.

அக்கா அழித்ததைத் திருப்பி எடுத்தார். நாலு வளவுகளும் ஒவ்வொன்றாக வந்து நின்றன.

“அக்கா, வெள்ளிக்கிழமை…”

“தெரியும் பிள்ளை.”

அப்போது வெளியே யாழ்தேவி ரயில் போனது. யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

மெப்பின் கிழக்கு எல்லையில் பற்றை மூடிய ஒரு மண்மேடு இருந்தது. அதற்கு அப்பால் போகமுடியாது. அக்கா இந்த மெப்பைத் தன் சின்னவயது நினைவிலிருந்து கட்டியவர். அப்போது ரயில் இல்லை. தண்டவாளத்தையும் சிலிப்பர் கட்டைகளையும் போர்க்காலத்தில் பதுங்குகுழி கட்டவென்று கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மிஞ்சியது மேடு மட்டும். அவர் பள்ளிக்கூடம் முடிக்கிற காலத்தில்தான் ரயில் திரும்பி வந்தது. தினமும் ரயில் சத்தத்தில் வேலை செய்கிறோம், ஆனால் அவருடைய கொக்குவிலில் ரயில் பாதை இல்லை. சோதித்த எனக்கும் அது கண்ணில் படவில்லை.

பற்றையை நீக்கித் தண்டவாளம் போட்டார். ஒரு வீட்டையும் தொடாமல் எண்பது மீற்றர் நேர்கோடு கிடைத்தது. ஆனால் அங்கு போக ஒரு காரணம் இல்லாவிட்டால் எல்லோரும் ஒழுங்கைக்குள்ளேயே நிற்பார்கள். அதனால் அணிகள் கைப்பற்றவேண்டிய மூன்று இடங்களில் ஒன்றைப் பாதைக்கு அப்பால் மாற்றினார். ஷொட்கன்காரனும் ஒருமுறை வெளியில் கால்வைத்துத்தான் ஆகவேண்டும். ஷொட்கனின் சேதத்தையும் பழையபடி ஆக்கினார்.

வியாழக்கிழமை விளையாடினோம். தண்டவாளக் கரையை றைபிள்கள் பிடித்தன. ஒழுங்கைக்குள் ஷொட்கனும் சப்மெஷின் கன்னும்தான்.

“உள்ளுக்கை இப்பவும் உவைதானே தங்கச்சி,” என்றார் சுபாஸ் அண்ணை.

“இருக்கட்டும் அண்ணை. ஒழுங்கை எண்டால் அப்பிடித்தான். வெளியிலை வந்தால் விலை குடுக்கினம்தானே.”

வெள்ளிக்கிழமை மெப்பை ஏற்றுக்கொண்டார்கள். அடுத்த கிழமை வேலை நிரந்தரமாகியது. கேக் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனோம். அக்கா தாய்க்குத் திரையைத் திறந்து, வளவுகள் எல்லாம் இருக்கின்றன என்று காட்டினார். தவமலர் அம்மா தண்டவாளத்தின் அந்தக் கோடியில் நிற்கும் சின்ன உருவத்தைச் சுட்டினார்.

“உதிலை நிக்கிறவனுக்கு இஞ்சாலை வாறவன்ரை முகம் தெரியுமோ?”

“இல்லை அம்மா. ஆள் எண்டு மட்டும் தெரியும்.”

“ஒழுங்கைக்குள்ளை?”

“அதுக்குள்ளை முகம் தெரியும்.”

“தெரிஞ்சும் சுடுவினம்,” என்றார் அம்மா. கேள்வியாக அல்ல.

திரையில் ஆட்கள் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தார்கள். தாய் குனிந்து வீடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“கிணறுகளை எடுத்துப்போடாதை பிள்ளை,” என்றார்.

“எடுக்கேல்லை அம்மா.”

இப்போது அக்கா அடுத்த மெப்பில் இருக்கிறார். நான் அதற்குள்ளும் துவக்கோடு ஓடுகிறேன், அதற்குத்தான் சம்பளம். ஒரு வளவுக்குள் நுழைந்தால் முதலில் கிணறு எங்கே என்று பார்க்கிறேன். அந்த நேரத்தில் யாராவது கிட்ட வந்து என்னைச் சுட்டுவிடுகிறார்கள்.