வேலம்மா அறிவித்த பீன்ஸ் நாட்கள்

மலேசியாவின் கேமரன் மலையில், திரிங்காப்பில் ஒன்றரை ஏக்கரில் காய்கறி பயிரிடும் வேலம்மாவுக்கு ஐம்பத்து நான்கு வயது. தேயிலைத் தோட்டத்தில் பதினெட்டு ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். அந்தத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவன் நான். எங்கள் லய வீட்டு வரிசையிலும் பக்கத்து ஊரான பிரிஞ்சாங்கிலுமாகப் பதினான்கு வீடுகள் அவரிடம் வழக்கமாகக் காய் வாங்குகிறோம்.

அறுவடைச் செய்தியை வாட்ஸ்அப் புலனத்தில் எழுதி அனுப்புவது அவர் கணவர் முருகையாவின் வேலை. அவர் பிப்ரவரி 26, வியாழக்கிழமை காலமானார். அவர் நட்ட பீன்ஸ் பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை காத்திருக்காது, முற்றினால் நாராகிவிடும். மார்ச் 8 அன்று வேலம்மாவே முதல்முறையாகச் செய்தி அனுப்பினார்.

"பீன்ஸ் ரெடி. கிலோ ஆறு ரிங்கிட். செவ்வாய்க்கிழமை, வெள்ளிக்கிழமை காலை ஏழிலிருந்து பத்துக்குள்ள வந்து எடுத்துக்கலாம். பை கொண்டு வாங்க."

செவ்வாய்க்கிழமை முப்பத்தெட்டு கிலோ பறித்து வீட்டுக் கொட்டகையில் கூடைகளை வைத்துக் காத்திருந்தார். ஒருவரும் போகவில்லை. நானும் போகவில்லை.

பத்தே காலுக்கு எனக்குப் போன் வந்தது.

"கிராணி ஐயா, நீங்களும் வரலியே. அவரு இல்லன்னா என் பீன்ஸு கசக்குமா? எல்லாரும் வேற ஆளு பாத்துட்டீங்களா? சொல்லிடுங்க, மிச்சத்த வேரோட புடுங்கிப் போட்டுட்டு மகன் வீட்டுக்கே போயிடுறேன்."

"இன்னிக்கு என்ன கிழமைம்மா?"

"செவ்வா."

"செவ்வாயும் வெள்ளியும் துக்க வீட்டுப் படி மிதிக்கக் கூடாதுன்னு எங்க அம்மாவ விட நீதானே கறாரா சொல்லுவ?"



"ஐயோ! அவரு போன தடவ அனுப்புனதப் பாத்து வெலைய மட்டும் மாத்துனேன் ஐயா. நாள மாத்தலியே!"

சைவம் சமைக்கும் நாளென்று முருகையா வைத்திருந்த கிழமைகள் அவை. வேலம்மா சிரித்தார், பிறகு அழுதார். அன்று பகலே குரல் செய்தி வந்தது. "புதன், சனி வாங்க. வெல அதேதான். பீன்ஸு குளுருல நல்லாத்தான் இருக்கு."

புதன்கிழமை பதினான்கு வீட்டாரும் போனோம். கடைசிக் கூடை ஒன்பது மணிக்கே காலி.

துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போது ‘போயிட்டு வரேன்’ என்று சொல்லிக்கொள்ளும் வழக்கம் எங்களுக்கு இல்லை. எல்லாரும் பேசாமல் நடந்தோம். பிரிஞ்சாங் நளினி மட்டும் பழக்க தோஷத்தில், "சனிக்கிழம வரேன்க்கா!" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

வேலம்மா வாசல் வரை வந்தார்.

"வரணும் லா. நீ வரலன்னா நான் யாருக்குப் பறிக்கிறது?"