குளிர்ந்த நெற்றி

என் மகளுக்குக் காய்ச்சல் வந்த அன்றே கொல்லையிலிருந்து நிலவேம்பு பறித்தேன். ஒரு கைப்பிடி இலை, இரண்டு டம்ளர் தண்ணீர், அரை டம்ளராகச் சுண்டும் வரை கொதிக்க வைப்பது. எங்கள் வீட்டில் அளவு என்பது குடிப்பவரின் முகம்தான். முகம் சுளித்தால் மருந்து சரி.

"இந்தக் கசப்புக்கே காச்சல் மண்டபத்தூர் தாண்டி கடல்ல விழுந்துடும்" என்றார் அடுத்த வீட்டு அக்கா. மகள் அழுதுகொண்டே சிரித்தாள்.

மூன்றாம் நாளும் காய்ச்சல் இறங்கவில்லை. இரண்டு கைப்பிடியாக்கினேன்.

"ரத்தம் பாத்துடலாமே" என்றார் என் கணவர்.

"நாளைக்குப் பாப்போங்க. இன்னிக்கு கஷாயத்தைக் கெட்டியா வெச்சிருக்கேன்."

நான்காம் நாள் மதியம் நெற்றியைத் தொட்டேன். குளிர்ந்திருந்தது. கணவருக்கு போன் செய்து, "எறங்கிடுச்சுங்க" என்றேன். மாதா படத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று கஷாயத்தைக் கொடுத்தேன். ஒரே மடக்கில் குடித்தாள். முகம் சுளிக்கவில்லை.

"கசக்கலையா கண்ணு?"

"இது தண்ணிதானம்மா."

டம்ளரில் மிச்சமிருந்த துளியை நாக்கில் வைத்தேன். தொண்டை வரை கசந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் அவ்வளவு அமைதி. மெழுகுவர்த்தித் திரி பொரிவது கேட்டது. வயிறு வலிக்கிறது என்றாள், யாரோ வேறொருவரைப் பற்றிச் சொல்வதுபோல. பாதங்களைப் பிடித்தேன். குழாய்த் தண்ணீரில் வைத்து எடுத்ததுபோல ஈரமாகச் சில்லென்றிருந்தன.

ஆட்டோவில் அவள் தலை என் மடியில். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவள் விரல் நகத்தை அழுத்தி, பிறகு விட்டார். வெளுத்த நகம் சிவக்க நேரமானது. உடனே ஊசி ஏற்றி சலைன் தொடங்கினார்கள், ரத்தமும் எடுத்தார்கள்.

"கஷாயம் எவ்ளோ குடுத்தீங்க?"

கையை விரித்துக் காட்டினேன்.

"உங்க கைப்பிடியா, வீட்டுக்காரர் கைப்பிடியா? எலை பச்சையா, காஞ்சதா? எத்தனை தடவை?"

விரித்த கையை மடக்கிக்கொண்டேன்.

டெங்கு. ரத்தத் தட்டணுக்கள் குறைந்திருந்தன; ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து ரத்தம் கெட்டியாகியிருந்தது. "கஷாயம் நல்லது பண்ணுச்சா கெட்டது பண்ணுச்சான்னு என்னால சொல்ல முடியாதும்மா. ஆனா இந்தக் காச்சல் எறங்குற நேரத்துலதான் ஆபத்தே. ரெண்டாம் நாள், மூணாம் நாளே ரத்தம் பாத்திருந்தா நாம இதுக்குத் தயாரா காத்துக்கிட்டு இருந்திருப்போம்" என்றார்.

இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து, காபி கசக்கிறது, சர்க்கரை போடு என்று என்னிடம் சண்டை போட்டாள். வராந்தாவுக்கு வந்து அழுதேன்.

செடி இன்னும் கொல்லையில் நிற்கிறது. மகளும் நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனால் அவள் நெற்றி குளிர்ந்திருந்தால் என் கை தானாக அவள் விரலைத் தேடிப் போகிறது. நகத்தை அழுத்தி, சிவக்கும் வரை மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறேன்.