வேன்காரர் வீட்டு சஹர்

லப்பைக்குடிக்காட்டில் மைமூன் பீவியைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவளுடைய பயத்தைத் தெரியாதவர்கள் கிடையாது. கேஸ் சிலிண்டரை மூடிவிட்டு ஐந்து தடவை தொட்டுப் பார்ப்பாள். வெள்ளாற்றில் கணுக்கால் தண்ணீர் ஓடினாலும் பாலத்தின் நடுவில்தான் நடப்பாள். அவள் புருஷன் ஜாபர் அலி துபாயில் லாரி ஓட்டிய பதினோரு வருஷமும் போன் அடித்தால் எடுக்கப் பயம், அடிக்காவிட்டால் அதைவிடப் பயம். "உன் பொண்டாட்டி நிழலப் பாத்தே வெலகி நிக்கிறவப்பா" என்று கடைத்தெருவில் கேலி பேசுவார்கள். ஜாபரும் சேர்ந்து சிரிப்பார். அவருக்கு உலகத்தில் எதற்கும் பயம் கிடையாது என்று ஒரு பெருமை.

அந்தப் பெருமைக்காரர் ஊர் திரும்பி, பெரம்பலூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேன் ஓட்டச் சேர்ந்தபோது மைமூன் நெய்ச்சோறு ஆக்கிப் போட்டாள். இனி சாயங்காலமானால் மனுஷன் வீட்டுக்கு வந்துவிடுவார் அல்லவா? பயப்பட ஒன்றும் மிச்சமில்லை என்று நினைத்தாள். பாவம், பயம் அவளைவிடக் கெட்டிக்காரி. போகிற இடத்தைச் சொல்லிவிட்டா போகும்?

நோன்பு தொடங்கிய முதல் வாரம். சாயங்கால அஸர் தொழுகை முடித்து நோன்புக் கஞ்சிக்குப் பள்ளிவாசலுக்குத் தூக்குவாளி அனுப்பலாம் என்று அவள் எழுந்த நேரம், வாசலில் வெற்றிச்செல்வி வந்து நின்றாள். ஜாபர் ஓட்டும் வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஆயா. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"அக்கா, தப்பா நெனக்காதீங்க. அண்ணன்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

"என்னடி ஆச்சு? அவரு எங்க?"

"வேன கழுவிட்டு இருக்காரு. ஒண்ணும் ஆவல. ஆனா ஆயிருக்கும்க்கா. பாலம் ஏறுறதுக்கு முன்னாடி வேன் அப்படியே வலது பக்கம் போவுது. எதுத்தாப்புல சுண்ணாம்புக்கல்லு லாரி. நான் கத்துன கத்துல அண்ணன் முழிச்சிட்டு ஒடிச்சாரு. உள்ள புள்ளைங்க பாட்டுப் பாடிட்டு இருந்துச்சுங்க. அதுங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

மைமூன் வாசலுக்கு வெளியே, பாலம் இருக்கும் திசையைப் பார்த்தாள்.

"இன்னொரு தடவ இப்புடி ஆச்சுன்னா நான் ஆபீஸ்ல சொல்லிடுவேங்க்கா. அந்த வண்டியில என் தம்பி மவளும் வருது."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அன்று அந்தியில் பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் ஜாபர் பேரீச்சம்பழத்தை வாயில் வைத்தபோது மைமூன் தன் பழத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வயதிலிருந்து ஒரு நோன்பும் விட்டதில்லை என்று சொல்லித் திரிகிற ஆள். நோன்பை விடுங்கள் என்றால் வீட்டை விட்டுப் போ என்பார். வேலையை விடுங்கள் என்று சொல்லவும் முடியாது. சொல்லாமல் இருக்கவோ, அவள் கண்ணை மூடினால் பாட்டுப் பாடும் பிள்ளைகள் வந்து நின்றார்கள்.

ஆகவே அவள் தனக்குத் தெரிந்த ஒரே இடத்தில் ஆரம்பித்தாள். அவருடைய தட்டைக் கவனித்தாள்.

கவனித்தால் வயிறு எரிந்தது. நோன்பு திறந்தவுடன் சர்க்கரை கரைத்த சர்பத் இரண்டு கிளாஸ், சமோசா, வடை, கடைத்தெரு சிக்கன். அதோடு கண் சொக்கிவிடும். ராத்திரித் தொழுகையான தராவீஹ் முடித்துவிட்டு வந்தால் கூட்டாளிகளோடு டீக்கு மேல் டீ. தூக்கம் அரைகுறை. விடியுமுன் சாப்பிடும் சஹருக்கு எழுப்பினால் முந்தின ராத்திரி வாங்கிய பரோட்டா, சால்னா, கூடவே பொரித்த கருவாடு, ஊறுகாய். பகல் முழுக்கத் தாகம் எடுக்க இதைவிட என்ன வேண்டும்? கடைசியில் பாங்குக்குக் கொஞ்சம் முன்னால், ஒட்டகம் மாதிரி ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "முடிஞ்சிது" என்பார். முடிந்ததுதான். விடிவதற்குள் அந்தத் தண்ணீரில் பாதி கொல்லைக்குப் போய்விடும்.

இதில் மைமூனுக்கும் பங்கு இருந்தது. ருசியாக வைத்தால்தான் மனுஷன் எழுந்திருப்பார் என்று கருவாட்டைப் பொரித்துப் போட்டவளே அவள்தான்.

தலைவலி என்று சாக்குச் சொல்லி அவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இழுத்துப் போனாள். தலைவலி அவருக்குத்தான். நோன்பின் முதல் நாளிலிருந்தே நெற்றிப்பொட்டைப் பிடித்துக்கொண்டு திரிந்தார். நர்ஸ் கவிதா பிரஷரும் சுகரும் பார்த்து, இரண்டும் சரியாக இருக்கிறது என்றாள். மைமூனுக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது.

"ஒரு நாளைக்கு எத்தன டீ சார் குடிப்பீங்க?"

"ஏழு, எட்டு இருக்கும்."

"பகல்ல அதை ஒரேயடியா நிறுத்தினா தல வலிக்கத்தான் செய்யும். நோன்புக்கு முன்னாடியே ஒண்ணொண்ணா கொறைச்சிருக்கணும். இனிமே ராத்திரி அடுக்கடுக்கா குடிக்காதீங்க, தூக்கமும் கெடும். தண்ணிய ஒரே நேரத்துல ஊத்திக்காம, நோன்பு தொறந்ததுலேருந்து சஹர் வரைக்கும் பிரிச்சுக் குடிங்க. ஒண்ணுக்கு நல்லா மஞ்சளா போனா ஒடம்புல தண்ணி பத்தலன்னு அர்த்தம்." பிறகு மைமூனைப் பார்த்து, "மயக்கமோ கண்ணு இருட்டுறதோ இருந்தா வண்டி ஓட்டவே கூடாதுங்க்கா" என்றாள்.

அந்தக் கடைசி வாக்கியம் ஜாபர் காதில் விழாதது போலவும் மைமூன் காதில் மட்டும் இரண்டு தடவை விழுந்தது போலவும் இருந்தது.

மறுநாளிலிருந்து வீட்டில் சட்டம் மாறியது. நோன்பு திறக்கப் பேரீச்சம்பழம், வெறும் தண்ணீர், பிறகு கஞ்சி. அரிசியும் பருப்பும் வெந்தயமும் போட்டுக் குழைத்த கஞ்சியைவிடத் தண்ணீரும் தெம்பும் சேர்ந்த பண்டம் எது? வடை ஒன்றோடு சரி. மஃரிப் தொழுத பிறகே சோறு, அதுவும் காய்கறியோடு. தராவீஹுக்குப் போகும்முன் தண்ணீர், வந்ததும் தண்ணீர், படுக்கும்முன் தண்ணீர். தொழுது முடித்தால் நேரே பாய். சஹரைப் பாங்குக்கு எவ்வளவு நெருக்கமாக வைக்க முடியுமோ அவ்வளவு நெருக்கமாக வைத்தாள். பிந்திச் சாப்பிடுவது நபி காட்டிய சுன்னத்தும்தானே. கம்பஞ்சோற்றில் தயிர், அவித்த முட்டை, பாசிப்பயறு, வெள்ளரிக்காய், வாழைப்பழம். தண்ணீர் சோற்றுக்கு நடுநடுவே. தலைவலிக்காகச் சின்ன டம்ளரில் ஒரே ஒரு டீ. கருவாட்டுப் பானை பரணுக்குப் போனது.

"ஆஸ்பத்திரிச் சோறு மாதிரி இருக்கு" என்று முகத்தைச் சுளித்தார் ஜாபர்.

"ஆஸ்பத்திரிக்குப் போவாம இருக்கத்தான் இது."

காலை ட்ரிப் முடிந்ததும் பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் கொஞ்சம் தூங்கச் சொன்னாள். சாயங்காலம் கடைசிப் பிள்ளையை இறக்கியதும் வெற்றிச்செல்வி ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள். அது வருகிற வரைக்கும் மைமூன் போனைக் கையிலேயே வைத்திருப்பாள். துபாய்க் காலத்துப் பயமெல்லாம் திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். மணி அடித்து நின்றதும் "அல்ஹம்துலில்லாஹ்" என்று மூச்சு விடுவாள். ஒரு வாரத்தில் தலைவலி போனது. "அண்ணன் இப்ப சும்மா கிண்ணுன்னு இருக்காருக்கா" என்றாள் வெற்றிச்செல்வி. மைமூன் நம்பினாள், நம்பவும் இல்லை.

அப்புறம் இருபத்தேழாம் இரவு வந்தது.

ஆயிரம் மாதத்தைவிடச் சிறந்த இரவு. ஊரே விழித்திருந்து தொழும். சஹருக்குப் பள்ளிவாசலிலேயே பெரிய தேக்சாவில் நெய்ச்சோறும் ஆட்டுக்கறியும். அதற்குப் போகாதே என்று எந்த முஸ்லிம் பெண் சொல்வாள்? மைமூனும் சொல்லவில்லை. வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டாள். விடியற்காலையில் ஜாபர் கண் சிவக்க வந்தார். நெய்யும் ஊறுகாயும் மணத்தன.

"தண்ணி குடிச்சீங்களா?"

"கூட்டத்துல எங்க? கடைசியா ஒரு கிளாஸ் கெடச்சுது. டீ குடிச்சேன்."

"இன்னிக்கு லீவு போடுங்க. ஒங்க கால்ல விழுறேன்."

"பரிச்ச நேரம். போடீ பயந்தாங்கொள்ளி."

மத்தியானமாவது தூங்குவார் என்று பார்த்தால், அன்றைக்கென்று பழுதான வேன் ஒன்றைப் பார்க்க அவரை ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பிவிட்டார்கள் என்று வெற்றிச்செல்வி போன் பண்ணினாள். மைமூன் புர்காவை மாட்டினாள், தண்ணீர் பாட்டில் ஒன்றைப் பையில் போட்டாள், பஸ் ஏறினாள். பள்ளிக்கூட வாசலில் அவளைப் பார்த்ததும் ஜாபர் திகைத்தார். அவள் வேனில் ஏறி அவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்தாள்.

மார்ச் வெயில். அவளும் நோன்பு. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது, தாகத்தாலா பயத்தாலா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. உதடு வெளுத்திருந்தது. கொட்டாவி, இன்னொரு கொட்டாவி. பிள்ளைகள் சிரித்தார்கள், அடித்துக்கொண்டார்கள். எதிரில் ஒரு லாரி வந்து போகும்போதெல்லாம் மைமூன் கலிமா சொன்னாள். கண்ணாடியில் அவர் இமை ஒரு கணம் மூடித் திறந்தது.

"நிறுத்துங்க."

"என்ன?"

"வண்டிய ஓரங்கட்டுங்க. இப்பவே."

அவள் வாழ்நாளில் அப்படி ஒரு குரலில் பேசியதில்லை. வேன் புளியமரத்தடியில் நின்றது. வெற்றிச்செல்வி பிள்ளைகளைச் சத்தம் போடாமல் இருக்கச் சொன்னாள். மைமூன் பாட்டிலை நீட்டினாள்.

"பைத்தியமா நீ? இருவத்தேழாம் நோன்பு. இன்னும் கொஞ்ச நேரத்துல பாங்கு சொல்லிடுவான்."

"உசுருக்கு ஆபத்துன்னா நோன்ப விடலாம், அப்புறம் வேற நாள்ல அதுக்குப் பதிலா களா புடிக்கலாம்னு அல்லா வழி வச்சிருக்கான். நோன்புக்குக் களா இருக்குங்க. இந்தப் புள்ளைங்கள்ல ஒண்ணு போயிட்டா அதுக்குக் களா இருக்கா?"

ஜாபர் பின்னால் திரும்பிப் பார்த்தார். பிள்ளைகளும் அவரைப் பார்த்தார்கள். அவர் சாவியை உருவி வெற்றிச்செல்வியிடம் கொடுத்து, "ஆபீஸுக்குப் போன் போட்டு வேற டிரைவர வரச் சொல்லும்மா. எனக்கு முடியலன்னு சொல்லு" என்றார். இறங்கி மரத்தடியில் உட்கார்ந்து பாட்டிலைத் திறந்தார். பிஸ்மில்லாஹ் சொல்லி ஒரு வாய் குடித்தார். கண்ணீர் தாடியில் இறங்கியது.

மைமூன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தாள்.

"நீ நிறுத்தச் சொன்னதுக்கு முன்னாடியே ரெண்டு தடவ கண்ணு மூடிடுச்சு மைமூன்," என்றார் அவர், ரோட்டைப் பார்த்துக்கொண்டே. "நடுவுல ஒரு வளைவு வந்துச்சே, அத நான் எப்புடித் திருப்புனேன்னு எனக்கே தெரியல. பயமா இருக்குடி."

இந்த மனுஷன் ஒரு தடவையாவது பயப்படமாட்டாரா என்று அவள் எத்தனையோ வருஷம் ஏங்கியிருக்கிறாள். இப்போது அதைக் கேட்டதும் அவளுக்கு ஒரு சந்தோஷமும் வரவில்லை. தண்ணீர் சிந்த, பாட்டில் அவர் கையில் சரிந்திருந்தது. அவள் தன் கையையும் சேர்த்து அதைப் பிடித்துக்கொண்டாள்.