வளர்ந்துகொண்டே போன மெழுகுவத்தி

ஊதி அணைத்த மெழுகுவத்தியின் புகையும், பழுத்து ஒழுகும் பலாச்சுளையின் வாசமும், ஆளிவிதை எண்ணெயின் கசப்பு நெடியும் ஒன்றாகக் கலந்தால் என்ன மணம் வரும் என்று என்னைத் தவிர உலகத்தில் மூன்று பேருக்கு மேல் தெரிந்திருக்காது. எனக்கு அது சாவின் மணம் என்று பத்து வயதில் தீர்மானமாகத் தெரிந்திருந்தது, பிற்பாடுதான் அது வெறும் கோடை விடுமுறையின் மணம் என்று ஆனது.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீடு. அந்த மே மாதம் என் தொண்டையில் இரண்டு "சதை" வளர்ந்துவிட்டதாகவும், பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன் அவற்றை நறுக்கி எடுத்துவிட வேண்டும் என்றும் டாக்டர் சொல்லியிருந்தார். ஆபரேஷன் திங்கட்கிழமை. அதுவரை வீட்டில் இருந்தால் பயந்தே செத்துவிடுவான் என்று, ஒரு வாரத்துக்கு என்னைச் சிதம்பரத்தில் சித்தி வீட்டுக்கு அனுப்பினார்கள். அம்மாவின் தங்கை அவள். ஒரு அலுவலகத்தில் டைப்பிஸ்ட். கோயில் வீதி ஒன்றை ஒட்டிய சந்தில், மாடி அறையில் தனியாகக் குடியிருந்து, ஆபீஸ் நேரம் போக மிச்ச நேரமெல்லாம் ஆளிவிதை எண்ணெயில் சாயம் குழைத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். அவளிடம் போனால் பயம் மறந்துவிடும் என்று அனுப்பினார்கள். அந்த அறையின் மேசையில் ஒரு மண்டை ஓடு இருந்ததை யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை.

நிஜ மண்டை ஓடு. சித்தியின் சிநேகிதி ஷமீமா அக்கா, லால்பேட்டைக்காரர், அப்போது மருத்துவம் படித்துக்கொண்டிருந்தார். பாடத்துக்காக வைத்திருந்த எலும்புகளில் தலையை மட்டும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வந்து இரவல் கொடுத்திருந்தார். ஓட்டின் மேல்பாதியை வட்டமாக அறுத்து, இருபுறமும் கொக்கி போட்டிருந்தார்கள். தூக்குவாளியின் மூடி மாதிரி கழற்றி மாட்டலாம். நான் போன முதல் நாளே கழற்றிப் பார்த்துவிட்டேன். பயம் வேறு, ஆர்வம் வேறு.

சித்தி ஒரு போட்டிக்குப் படம் அனுப்புவதாக இருந்தாள். எங்கிருந்தோ கிடைத்த பழைய வெளிநாட்டுக் காலண்டரில், டச்சுக்காரர் ஒருவர் முந்நூறு வருஷங்களுக்கும் முன்பு வரைந்த மேசை ஒன்று அச்சாகியிருந்தது: மண்டை ஓடு, மணல் கடிகாரம், உரித்த எலுமிச்சை, சாய்ந்த கண்ணாடிக் கோப்பை, புகையும் மெழுகுவத்தி. அதே காலத்து டச்சுக்காரர்கள்தாம் நம் பரங்கிப்பேட்டைக்கும் தேவனாம்பட்டினத்துக்கும் கப்பல் விட்டுத் துணி வாங்கி விற்றுப் பணத்தில் மிதந்தவர்கள். சம்பாதித்ததையெல்லாம் மேசைமேல் பரப்பி, நடுவில் ஒரு மண்டை ஓட்டையும் வைத்து, "இதெல்லாம் நிலைக்காது" என்று விலையுயர்ந்த படமாக எழுதிச் சுவரில் மாட்டிக்கொள்வது அவர்களுடைய பழக்கம். சித்திக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. அந்த மேசையை நம் ஊர்ச் சாமான்களை வைத்துப் போடப் போகிறேன் என்று கிளம்பினாள்.

மணல் கடிகாரத்துக்கு இரண்டு மருந்துப் பாட்டில்களை வாயோடு வாய் வைத்து, நடுவில் ஓட்டை போட்ட தகட்டைச் செருகி ஒட்டினாள். மணல் நான் கொண்டுபோன தேவனாம்பட்டினத்துக் கடல்மணல். அது விழவே இல்லை. உப்பு ஈரத்தில் கட்டிதட்டி நின்றது. காலமே நின்றுவிட்டது என்று எனக்குச் சந்தோஷம். சித்தி விடுவாளா? மணலை நன்னீரில் அலசிக் காயவைத்து, இருப்புச்சட்டியில் போட்டு வறுத்து, மல்துணியில் சலித்து, ஒரே அளவு பொடிமணலாக எடுத்து நிரப்பினாள். கீழ்வீட்டு அம்மா எட்டிப்பார்த்துவிட்டு, "ஏம்மா, ரவைன்னு நெனச்சு மண்ணை வறுக்கிறியே, ஒடம்பு ஏதும் சரியில்லியா?" என்று கேட்டார். அப்புறம் அவர் கண் மேசைக்குப் போனது. மண்டை ஓடு, எலுமிச்சம்பழம், மெழுகுவத்தி. "ஐயோ, எங்க வீட்டுக்குள்ள வேணாம்மா இதெல்லாம்!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு இறங்கினவர், அந்த வாரம் முழுக்க எங்களுக்குப் பயந்து குழாயில் முதல் தண்ணீர் விட்டுக்கொடுத்தார்.

அன்று மாலை ஷமீமா அக்கா வந்தார். நான் கட்டிலுக்கடியில் படுத்து சித்திரக்கதை படித்துக்கொண்டிருந்தேன், அதாவது ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தேன். சித்தி ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டினாள்.

"மண்டை ஓடு தெரியும். எல்லாரும் கடைசில அங்கதான். மணலு, போற காலம். எலுமிச்சை பாரு, பாதி உரிச்சுத் தோலு சுருளா தொங்குது. பாக்க அழகு, வாயில வெச்சா புளிப்பு. சொகமும் அப்படித்தானாம். டம்ளர் சாஞ்சு கெடக்குது, குடிச்சவன் இல்ல. சங்கு, சேத்து வெச்ச சொத்து."

"பலாச்சுளை?"

"காலண்டர்ல பீச் பழம் இருக்குது. அதுக்கு நான் எங்கடி போவேன்? காடாம்புலியூர்லேர்ந்து எங்க ஆபீஸ் பியூன் கொண்டாந்தாரு. நாலு நாள்ல கறுத்துடும், ஈ மொய்க்கும். அதுதான் வேணும். பழுத்தது அழுகிடும்னு காட்டணும்."

"ஒன்னுமே நெலைக்காதுன்னு சொல்றதுக்கு இவ்ளோ பெயிண்ட் செலவா?" என்று அக்கா ஒரு சுளையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "மெழுகுவத்தி?"

"அது நம்ம ஆயுசு. தெனம் வரையறப்ப ஏத்துறேன், எறங்கிட்டே வருது. மண்டை ஓட்டோட கண்ணுக்குழி ஒசரத்துக்கு வந்ததும் ஊதிடுவேன். புகை மட்டும் நிக்கும். அத்தோட எல்லாம் முடிஞ்சிடும். ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிஞ்சாவணும். திங்கக்கிழமை கொண்டு போவணும்."

கட்டிலுக்கடியில் சித்திரக்கதையை மூடி வைத்தேன். திங்கட்கிழமை கொண்டு போக வேண்டியவன் நான்தான். படத்தைப் போட்டிக்குக் கொண்டுபோவதைத்தான் சொல்கிறாள் என்று ஒரு ஆட்டுக்குட்டிக்குக்கூடப் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை. மெழுகுவத்தி கண்குழி உயரத்துக்கு இறங்கினால் நான் காலி. விஷயம் அவ்வளவுதான்.

பயந்தவன் அழுவான், நான் திட்டமிட்டேன். கரண்ட் போகிற நேரத்துக்கென்று அலமாரியில் மெழுகுவத்திப் பாக்கெட்டுகள் இருந்தன. மறுநாள் காலை சித்தி குளிக்கப் போனதும், இறங்கிய மெழுகுவத்தியைப் பித்தளை விளக்குத்தண்டிலிருந்து பிடுங்கி, யாரும் தேட மாட்டாத ஓரிடத்தில் போட்டுவிட்டு, புதிதொன்றைச் செருகினேன். அதற்கடுத்த நாளும். அதற்கடுத்த நாளும். சுளைகள் கறுக்கத் தொடங்கியதும் அவற்றையும் விடவில்லை. கறுத்ததை ஜன்னல் வழியாக எறிந்துவிட்டு, சமையலறைப் பலாவிலிருந்து புதுச்சுளை வைத்தேன். கூலியாக ஒன்றிரண்டை நானே தின்றேன். மணல் கடிகாரத்தை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை, அதைக் கவிழ்த்துக் கவிழ்த்து வைத்ததில் எனக்கு ஆயுள் கூடியதா குறைந்ததா என்று இன்றுவரை கணக்குத் தெரியாது.

பாவம், சித்தி. அழுகுகிற பொருளை முதலில், அழுகாததைக் கடைசியில் என்பது அவள் முறை. மேசைமேல் சாக்பீஸால் அடையாளம் போட்டு, ஒவ்வொன்றும் இம்மி நகராமல் பார்த்துக்கொண்டு, வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் வரைவாள். நேற்று நெற்றி உயரத்தில் இருந்த மெழுகுவத்தி இன்று உச்சிக்கு மேலே நிற்கும். சுரண்டிவிட்டு மறுபடி போடுவாள். நேற்று கறுத்த சுளை இன்று பொன்னாக மின்னும். வெள்ளிக்கிழமை தூரிகையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் நீர்.

"எனக்குக் கண்ணு போயிட்டிருக்குதுடி ஷமீமா," என்றாள் அக்கா வந்ததும். "அளவே நிக்க மாட்டேங்குது. நான் எறக்கி வரைஞ்சா அது ஏறிக்கிட்டே போவுது. போட்டியும் வேணாம், ஒன்னும் வேணாம்."

அக்கா டார்ச் அடித்துப் பார்த்தார், விரல்களைக் காட்டி எண்ணச் சொன்னார். "கண்ணு நல்லாத்தான் இருக்குது. நீ சரியா தூங்கறியா?" என்றவர், "போவட்டும் விடு, நான் இந்தாள கூட்டிட்டுப் போறேன்," என்று மண்டை ஓட்டைத் தூக்கினார்.

உள்ளே "கடகட"வென்று உருண்டது.

அக்காவின் முகம் மாறியது. மறுபடி ஆட்டினார். கடகட. "அடியே," என்றார் மெதுவாக, "செத்தவருக்கு மூளை மொளைச்சிருக்குது!"

கொக்கியைக் கழற்றி மூடியைத் திறந்து கவிழ்த்தார். பாதி எரிந்த மெழுகுவத்தித் துண்டுகள், வரிசைக்கிரமமாக என்னுடைய ஆயுள், மேசைமேல் விழுந்தன. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தார்கள்.

"வெளிய வாடா, மாப்ள!" என்றாள் சித்தி.

அழுதுகொண்டே சொன்னேன். கண்குழிக்கு வந்தால் நான் செத்துவிடுவேன், திங்கட்கிழமை கொண்டு போய்விடுவார்கள், எல்லாம் முடிந்துவிடும். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்து அக்கா கட்டிலில் விழுந்து சிரித்த சிரிப்பில் கீழ்வீட்டில் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. சித்தி சிரிக்கவில்லை. "எவன்டா ஒன்ன மாதிரி படத்தைப் படிச்சான்!" என்று என் தலையில் ஒன்று வைத்தாள். குட்டுதான், ஆனால் அதில் ஒரு பாராட்டும் இருந்ததாக நான் இன்றும் வாதாடுவேன்.

அப்புறம் கிடந்த துண்டுகளில் ஒன்றைக் கண்குழி உயரத்துக்கு நறுக்கித் தண்டில் செருகி ஏற்றினாள். "நீதான் கெடுத்த, நீதான் ஊதணும். புகை ரெண்டு செகண்டுதான் நிக்கும், அதுக்குள்ள நான் பாக்கணும். ஊது."

கண்ணை மூடிக்கொண்டு ஊதினேன். சாகவில்லை. அவள் மறுபடி ஏற்றினாள். ஊதினேன். திரியின் முனையில் சிவப்புப் பொட்டு ஒன்று மினுக்கி, அதிலிருந்து வெள்ளை நூல் ஒன்று நேராகக் கிளம்பி, சற்று உயரம் போய் நடுங்கி, சுருண்டு, காணாமல் போகும். "மெதுவா ஊதுடா, புகை கலையுது." ஊதினேன். "இன்னொரு தரம்." சனிக்கிழமை காலையும் ஊதினேன். எத்தனை முறை செத்தேன் என்று நினைவில்லை. மத்தியானம் வாக்கில் சாவு எனக்கு அலுத்துவிட்டது. "சித்தி, போதும், பசிக்குது," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை படம் முடிந்தது. டச்சுக்காரர்கள் சில சமயம் மண்டை ஓட்டைச் சுற்றிக் கோதுமைக் கதிர் வைப்பார்களாம், புதைத்தது முளைக்கும் என்பதற்கு அடையாளமாக. சித்தி நம் ஊர் நெற்கதிர் ஒன்றைக் கடைசியில் சேர்த்தாள். திங்கட்கிழமை அதையும் கொண்டுபோனார்கள், என்னையும் கொண்டுபோனார்கள். அதற்குப் பரிசு கிடைக்கவில்லை. எனக்கு ஐஸ்கிரீம் கிடைத்தது.

போன வாரம் சிதம்பரத்தில் சித்தியைப் பார்க்கப் போயிருந்தேன். ஓய்வு பெற்றும் பல வருஷமாகிவிட்டது, நாக்கு மட்டும் வேலையில் இருக்கிறது. கூடத்தில் அந்தப் படம். "மங்கிப் போச்சே சித்தி, வார்னிஷ் பழுத்துடுச்சு போல," என்றேன். "படம் நல்லாத்தான்டா இருக்குது. ஒன் கண்ணுதான் பழுத்துடுச்சு. எப்ப ஆபரேஷன்?"

"திங்கக்கிழமை," என்றேன். கண்புரை. இருபது நிமிஷ வேலை, மாலையில் வீடு திரும்பலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சித்தி என்னையும் பார்த்தாள், படத்தையும் பார்த்தாள், சிரித்தாள்.

கிட்டே போய்க் கண்ணை இடுக்கிப் பார்த்தேன். பலாச்சுளை எப்போதோ ஈயோடு போயிற்று. மண்டை ஓடு ஷமீமா அக்காவின் பையில் திரும்பிப் போயிற்று. என் தொண்டைச் சதை எந்த வாளியில் போயிற்றோ தெரியாது. நிலைக்காததையெல்லாம் வைத்துப் போட்ட படத்தில், பத்து வயதில் நான் ஊதின அந்தப் புகை மட்டும் இன்னும் கலையாமல் நிற்கிறது.

"சித்தி, வீட்டுல மெழுகுவத்தி இருக்குதா?" என்று கேட்டேன், சும்மாதான்.

"இப்பல்லாம் கரண்டு எங்கடா போவுது? போனாலும் இன்வெர்ட்டர் இருக்குது. எவன் வாங்கறான் அதை?"

திரும்பும் வழியில் பஸ் ஸ்டாண்டு பக்கம் நாலு கடை ஏறி இறங்கினேன். ஐந்தாவது கடைக்காரர் தூசி தட்டி ஒரு பாக்கெட்டை எடுத்து வைத்து, "பர்த்டேவா சார்?" என்றார்.

"இல்லீங்க. கொஞ்சம் ஒசரமா இருக்குதா பாருங்க," என்றேன்.